தீமிதிப் படச்சுருளில் துடிக்கும் வெளிச்சம்

*வணக்கம் ஐயா. என் தந்தையார் தோட்டத்துக் கிராணியாக இருந்தபோது, 1974-இல் எங்கள் கோயில் தீமிதியைச் சூப்பர் 8 கேமராவில் எடுத்தார். ஐம்பது அடிச் சுருள் ஒன்று மிஞ்சியிருக்கிறது. பாதி பகலில் எடுத்தது, மீதி இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது. வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் சிறிய ஸ்கேனரில் அதைப் பதிவு செய்தேன். படம் முழுக்க வெளிச்சம் ஏறி இறங்கித் துடிக்கிறது. தம்பி ஒருவர் சொன்னபடி ffmpeg மென்பொருளின் deflicker வடிகட்டியைப் போட்டேன். துடிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் மஞ்சள் உடுத்தியவர்கள் கேமராவுக்கு முன்னால் வந்தால் பின்னால் நிற்பவர்கள் இருண்டு போகிறார்கள், வெள்ளை விளக்குகள் சாம்பல் நிறமாகின்றன. என்ன செய்யலாம்?*
*— ஒரு வாசகி, கோலசிலாங்கூர்*

அன்புள்ள சகோதரிக்கு,

வடிகட்டியின் எண்களை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், அந்தத் துடிப்பு ஃபிலிமில் இருக்கிறதா அல்லது உங்கள் ஸ்கேனர் சேர்த்ததா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுங்கை சிப்புட்டில் என் கடைக்கு வரும் சுருள்களில் இரண்டும் கலந்தே இருப்பது வழக்கம். உங்கள் சுருளில் பகலும் இரவும் சேர்ந்திருப்பதால், பகல் பகுதிக்கு ஒரு காரணமும் இரவுப் பகுதிக்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க ஃபிலிமின் ஓரத்துளையே போதும். சூப்பர் 8-இல் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பக்கவாட்டில், படத்தின் நடு உயரத்திற்கு நேராக, ஒரு துளை உண்டு. அந்தத் துளையில் ஃபிலிமே கிடையாது. ஸ்கேனரின் விளக்கு வெளிச்சம் அதன் வழியாக நேராகக் கேமராவுக்குப் போகிறது. ஆகவே உங்கள் தந்தையார் எதை எடுத்திருந்தாலும், எந்த வெளிச்சத்தில் எடுத்திருந்தாலும், துளையின் வெளிச்சம் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். படத்தோடு சேர்ந்து துளையும் துடித்தால் குற்றம் ஸ்கேனருடையது. துளை அசையாமல் நிற்க, படம் மட்டும் துடித்தால், அது 1974-லேயே ஃபிலிமில் பதிந்துவிட்டது.

வீட்டு ஸ்கேனர்கள் படத்தை இறுக்கமாக வெட்டித் துளையை மறைத்துவிடும். ஆயினும் பெரும்பாலானவற்றில் சட்டத்தை நகர்த்தவும் பெரிதுசிறிதாக்கவும் ஓர் அமைப்பு இருக்கும். அதைப் பயன்படுத்தித் துளை தெரியும்படி இருநூறு ஃபிரேம்களை மட்டும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. சாதாரண அமைப்பில் துளை வெள்ளையாக வெந்துபோய் 255 என்ற உச்சத்தில் நிற்கும். அங்கே நின்றுவிட்டால் ஸ்கேனர் எவ்வளவு ஆடினாலும் துளையில் தெரியாது. எனவே இந்தச் சோதனைக்காக மட்டும் வெளிச்சத்தைக் குறைத்து, துளை 200 அளவுக்கு வரும்படி வையுங்கள். படம் இருட்டாக இருக்கும், பரவாயில்லை. பிறகு துளையின் நடுவில் ஒரு சிறு சதுரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் சராசரி வெளிச்சத்தை ஃபிரேம் ஃபிரேமாக எழுதி வாங்குங்கள்:

```
ffmpeg -i sothanai.mp4 -vf "crop=30:40:20:520,signalstats,metadata=print:key=lavfi.signalstats.YAVG:file=y.txt" -f null -
```

`crop` என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எண்கள் சதுரத்தின் அகலம், உயரம், இடப்பக்கத்திலிருந்து தூரம், மேலிருந்து தூரம் என்பன. உங்கள் படத்திற்கு ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். `y.txt` கோப்பில் கிடைக்கும் எண்களை எக்ஸலில் போட்டுக் கோட்டுப்படமாக வரைந்தால் விஷயம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். படத்தின் வெளிச்சம் சிதறித் துளையிலும் விழுவதால் ஒன்றிரண்டு எண் ஏறி இறங்குவது இயல்பு. பத்து, இருபது என்று குதித்தால் அது இயல்பல்ல.

துளையைக் காட்டவே மறுக்கும் ஸ்கேனராக இருந்தால், அதே இருநூறு ஃபிரேம்களை இரண்டு முறை ஸ்கேன் செய்து இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஃபிலிமில் உள்ள துடிப்பு இரண்டிலும் அதே ஃபிரேமில் அதே அளவில் வரும். ஆனால் ஸ்கேனரின் தானியங்கி வெளிச்ச அமைப்பும் ஒரே ஃபிரேமைப் பார்த்து ஒரே முடிவை எடுக்கக்கூடியது என்பதால், இரண்டு கோடுகளும் ஒத்துப்போவது ஸ்கேனரை முழுக்க விடுவித்துவிடாது. துளைச் சோதனைக்கு இந்தக் குறை இல்லை.

சென்ற ஆண்டு ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற ஒரு சுருள் என்னிடம் வந்தது. அதை வைத்தே மீதியைச் சொல்கிறேன். ஐம்பது அடி, அதாவது 3600 ஃபிரேம். நொடிக்கு 18 வீதம் ஓடினால் மூன்று நிமிடம் இருபது நொடி. பகலில் பால்குட ஊர்வலம், இரவில் குழி மிதிப்பது. கொண்டுவந்தவர் தம் வீட்டு ஸ்கேனரில் எடுத்த கோப்பையும் தந்திருந்தார். அந்தக் கோப்பில், ஊர்வலப் பகுதியில், துளையின் அளவு அடுத்தடுத்த ஃபிரேம்களில் 212, 187, 205, 190 என்று குதித்தது. படமும் அதே தாளத்தில் குதித்தது. வெள்ளை வேட்டி கட்டியவர் சட்டத்திற்குள் ஒரு காலை வைத்ததுமே அந்த ஒரு ஃபிரேம் முழுவதும் மங்கியது. ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனிப் புகைப்படமாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் புதிதாக வெளிச்சம் கணக்கிட்டுக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். அந்தக் காலத்துச் சூப்பர் 8 கேமராக்களிலும் தானியங்கி வெளிச்ச அமைப்பு இருந்தது. அதுவும் வெள்ளை வேட்டியைக் கண்டால் துவாரத்தைச் சுருக்கும். ஆனால் அது ஒரு சிறு முள்ளை நகர்த்தி வேலை செய்யும் அமைப்பு. முள் நகர்ந்து நிற்கப் பல ஃபிரேம்கள் ஆகும். எனவே கேமரா செய்த மாற்றம் சரிவாக ஏறி இறங்கும். ஸ்கேனர் செய்த மாற்றமோ ஒரே ஃபிரேமில் படிக்கட்டுப் போல் குதிக்கும். கேமரா செய்த சரிவைத் துடிப்பு என்று எண்ணி அழிக்கப் போகாதீர்கள். அதை நிறத்திருத்தத்தில் கையால் சமன்செய்வதே சரி.

ஸ்கேனரால் வந்த துடிப்புக்கு என் பதில் சுருக்கமானது: மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள். தானியங்கியை அணைத்து, ஒரே வெளிச்ச அளவில் பூட்டி, வெண்சமநிலையையும் பூட்டி, சுருள் முழுவதையும் எடுக்க வேண்டும். சில வீட்டு ஸ்கேனர்களில் கூட்டல், கழித்தல் குறிகளோடு ஒரு வெளிச்ச அளவுகோல் இருக்கும். அதை நகர்த்தினால் பூட்டிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தானியங்கி எடுக்கும் முடிவின்மேல் ஒரு படி கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்யும், தானியங்கி உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். பூட்டிவிட்டதா என்பதை மறுபடியும் துளையை அளந்தே உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் கருவியில் பூட்டவே வழியில்லை என்றால், கையால் வெளிச்சம் அமைத்து ஸ்கேன் செய்யும் கடையிடம் கொடுப்பது நல்லது. தானியங்கியால் ஒரு ஃபிரேமில் வெளிச்சம் கூடி வானமும் வேட்டியும் 255-ஐத் தொட்டு வெந்துபோயிருந்தால், அந்த விவரம் கோப்பில் இல்லை. ஃபிலிமில் மட்டும்தான் இருக்கிறது. எந்த மென்பொருளும் கோப்பிலிருந்து அதை மீட்டுத் தராது.

(ஃபிலிமே கெட்டுப்போய், துளை தெரியும் பழைய கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் நிலையிலும் ஒரு வழி உண்டு. துளை வெந்துபோகாமல் இருந்தால், ஒவ்வொரு ஃபிரேமையும் அதன் துளையின் அளவால் வகுத்து, ஒரே அளவால் பெருக்கினால் ஸ்கேனரின் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். உங்களுக்கு அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.)

இனி இரவுப் பகுதி. பூட்டிய ஸ்கேனில் பகல் ஊர்வலம் அமைதியாகிவிட்டது. ஆனால் இரவில் துளை 196, 196, 197 என்று அசையாமல் நிற்க, பந்தலின் தகரக் கூரையில் நான் அளந்த சிறு பகுதி மட்டும் கீழ்க்கண்டவாறு ஆடியது: 70, 58, 69, 61, 65, 65, 61, 69, 58, பிறகு மறுபடியும் 70. இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு ஃபிரேம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் மாறி மாறி வருகிறது. நடுவில் இரண்டு ஃபிரேம்கள் சமமாகின்றன. பிறகு அதே வரிசை தலைகீழாகத் திரும்பி, ஒன்பது ஃபிரேம்களில் ஒரு சுற்று முடிகிறது. இது டியூப் லைட்டின் கையெழுத்து.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. விளக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் இரு முறை ஒளிர்ந்து மங்குவதால், பழைய சோக்கு வைத்த டியூப் லைட் நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. கேமரா நொடிக்கு 18 ஃபிரேம் எடுக்கிறது. நூறைப் பதினெட்டால் வகுத்தால் ஐந்தும் ஒன்பதில் ஐந்து பங்கும் வரும். அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் முந்தைய ஃபிரேமைவிட விளக்கின் துடிப்பில் பாதிக்குச் சற்று மேல் தள்ளித் தொடங்குகிறது. அதனால்தான் அடுத்தடுத்த ஃபிரேம்கள் எதிரெதிராக மாறுகின்றன, ஒன்பது ஃபிரேம் ஆனதும் பழைய இடத்திற்கே வருகின்றன. கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திற்குள் விளக்கு முழு எண்ணிக்கையில், சரியாக இரண்டு முறையோ மூன்று முறையோ, துடித்து முடிந்தால் எல்லா ஃபிரேமும் சமமாகிவிடும். வழக்கமான சூப்பர் 8 ஷட்டரில் ஏறக்குறைய நாற்பத்து மூன்றில் ஒரு நொடிதான் கிடைக்கிறது. அதற்குள் விளக்கு இரண்டே கால் முறைக்குச் சற்று அதிகமாகத் துடிக்கிறது. அந்த மிச்சம் எந்த ஃபிரேமில் பளிச்சென்ற பக்கமாக விழுகிறதோ அந்த ஃபிரேம் வெளிச்சம் கூடிப் போகிறது. ரிவர்சல் ஃபிலிமின் கூர்மையான மாறுபாடு அந்த வித்தியாசத்தை இன்னும் தூக்கிக் காட்டும்.

உங்கள் தோட்டத்தில் அந்த நாளில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் இந்த ஒன்பது கணக்கு இவ்வளவு அழகாக அமையாது. இஞ்சினின் வேகம் ஏறி இறங்கும்போது மின்சாரத்தின் சுழற்சியும் 48, 51 என்று மாறும். சுற்றின் நீளமும் அதோடு சேர்ந்து மாறிப்போகும். கேமராவின் மோட்டாரும் பதினெட்டில் அப்படியே நிற்பதில்லை. கோட்டுப்படத்தில் உங்கள் சுருளின் சுற்று எத்தனை ஃபிரேம் என்று எண்ணிப் பார்த்து அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் போட்ட வடிகட்டி என்ன செய்தது என்பதற்கு வருவோம். `deflicker` ஒவ்வொரு ஃபிரேம் முழுவதற்கும் ஒரு சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பக்கத்து ஃபிரேம்களோடு சேர்த்து அதை மறுபடியும் சராசரியாக்குகிறது. பிறகு அந்தச் சராசரிக்குப் பொருந்தும்படி ஃபிரேமின் வெளிச்சத்தைப் பெருக்குகிறது. எதையும் சொல்லாமல் விட்டால் ஐந்து ஃபிரேமைச் சேர்த்துப் பார்க்கும். மேலே சொன்ன வரிசையில் ஐந்தைந்தாகச் சராசரி எடுத்தால் 63.2-க்கும் 64.8-க்கும் இடையே ஒரு சிறு ஆட்டம் மிஞ்சுகிறது; ஒன்பதாக எடுத்தால், எங்கிருந்து தொடங்கினாலும், சரியாக 64. `deflicker=size=9` என்று மாற்றினால் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் துடிப்பில் ஒரு பகுதி அடங்கும்.

ஆனால் மஞ்சள் உடுத்தியவர்கள் வந்தால் மற்றவர்கள் இருண்டு போவதை அது தீர்க்காது, கூட்டவே செய்யும். வடிகட்டிக்குத் தீமிதியும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. இருண்ட சட்டத்தில் கால் பங்கை அடைத்துக்கொண்டு ஒரு பளிச்சென்ற சேலை கடந்து போனால், ஃபிரேமின் சராசரி ஏறுகிறது. அந்த ஏற்றத்தைத் துடிப்பு என்று எண்ணி வடிகட்டி படம் முழுவதையும் கீழே இழுக்கிறது. எத்தனை ஃபிரேமைச் சேர்த்துப் பார்க்கிறதோ அந்த நேரத்திற்குள் நடந்து முடியும் அசைவுகள் எல்லாம் இந்த வலையில் விழும். ஒன்பது ஃபிரேம் என்பது அரை நொடி. குழியில் ஓடி வருபவர் சட்டத்தைக் கடக்க அது போதும்.

எனவே படம் முழுவதையும் அளக்காமல், ஆட்கள் போகாத, அசையாத, ஒரே நிறமான ஓர் இடத்தை மட்டும் அளந்து, அதில் கிடைக்கும் திருத்தத்தைப் படம் முழுவதற்கும் கொடுப்பதே என் வழக்கம். அந்தச் சுருளில் தகரக் கூரை எனக்கு உதவியது. உங்கள் படத்தில் கோயில் சுவரோ, பந்தல் துணியோ, லயத்துக் கூரையோ இருக்கலாம். அது டியூப் லைட் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மிகவும் இருட்டாகவோ வெந்துபோயோ இருக்கக் கூடாது. காட்சி முடியும் வரை சட்டத்திற்குள்ளேயே இருக்க வேண்டும். கேமராவைக் கையில் பிடித்து எடுத்திருந்தால் இடம் கொஞ்சம் ஆடும். அதனால் கூரையின் விளிம்பை விட்டு நன்றாக உள்ளே தள்ளிச் சதுரத்தை வையுங்கள்.

முதலில் சுருளைக் காட்சி காட்சியாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு காட்சியின் கடைசி ஃபிரேமும் அடுத்த காட்சியின் முதல் ஃபிரேமும் ஒரே சராசரிக்குள் சேர்ந்தால் வெட்டை ஒட்டிய ஃபிரேம்கள் பளிச்சிடும். இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்: தொடக்க காலத்தில் ஒரு திருமணச் சுருளை வெட்டாமல் முழுதாக ஓடவிட்டு, இருண்ட மண்டபத்திலிருந்து வாசலுக்குக் காட்சி மாறும் இடத்தில் மணமகள் முகம் பேயறைந்தாற்போல் வெளுத்ததை வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு `in` என்ற ஒரு கோப்புறையை உருவாக்கி, ஒவ்வொரு காட்சியையும் அதற்குள் ஃபிரேம்களாகப் பிரியுங்கள்:

```
ffmpeg -i kuzhi.mp4 -fps_mode passthrough -pix_fmt rgb24 in/%05d.tif
```

இந்தக் கட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஸ்கேனர்கள் படத்தை நொடிக்கு 30 ஃபிரேமாக மாற்றி, இடையிடையே ஒரே ஃபிரேமை இருமுறை வைத்தோ இரண்டு ஃபிரேமைக் கலந்தோ எழுதிவிடும். அப்படிக் கலந்த கோப்பில் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. பிரித்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஃபிலிமின் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே ஒரு முறை மட்டும் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வேக மாற்றமெல்லாம் துடிப்பை நீக்கிய பிறகுதான்.

அடுத்து `out` என்ற ஒரு கோப்புறையையும் உருவாக்கிவிட்டு, பின்வரும் பைத்தான் நிரலை ஓட்டுங்கள். `x, y, w, h` என்பவை நீங்கள் தேர்ந்தெடுத்த சதுரத்தின் இடமும் அளவும். அதில் வரும் 9 என்பது சுற்றின் நீளம். 4 என்பது அதில் பாதி. சுற்று பதினொன்றாக வந்தால் 11, 5 என்று மாற்றுங்கள்.

```python
import glob, cv2, numpy as np
files = sorted(glob.glob("in/*.tif"))
x, y, w, h = 900, 120, 200, 80
m = np.array([cv2.imread(f)[y:y+h, x:x+w].mean(axis=(0, 1)) for f in files])
p = np.pad(m, ((4, 4), (0, 0)), mode="reflect")
s = np.array([p[i:i+9].mean(axis=0) for i in range(len(m))])
for f, g in zip(files, s / m):
    a = cv2.imread(f) / 255.0
    k = a ** 4
    a = a * (g * (1 - k) + k)
    a = np.clip(a * 255, 0, 255).round().astype("uint8")
    cv2.imwrite(f.replace("in", "out", 1), a)
```

இதில் இரண்டு இடங்களை விளக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் இந்த நிரல் தனித்தனியே அளந்து தனித்தனியே திருத்துகிறது. டியூப் லைட்டின் உள்பூச்சில் சில நிறங்கள் சட்டென்று அணையும், சில நிறங்கள் சற்று நின்று மங்கும். அதனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மட்டுமன்றி நிறமும் துடிக்கும். வெளிச்சத்தை மட்டும் சமன்செய்தால், துடிப்பு போன பிறகு முகங்களில் ஒரு பச்சையும் சிவப்பும் மாறி மாறித் தெரியும். முன்பு வெளிச்ச ஆட்டத்தில் மறைந்திருந்தது அப்போதுதான் வெளியே வரும்.

இரண்டாவது, `k` என்ற வரி. உங்கள் வெள்ளை விளக்குகள் சாம்பலானதற்கு மருந்து இதுதான். டியூப் லைட்டின் உடல் எல்லா ஃபிரேமிலும் 255-இல் வெந்து நிற்கிறது. அது துடிக்கவே இல்லை. வெளிச்சம் கூடிய ஃபிரேமைக் குறைப்பதற்காகப் படம் முழுவதையும் 0.91-ஆல் பெருக்கினால், விளக்கு 232-க்கு இறங்குகிறது. அடுத்த ஃபிரேமில் மறுபடியும் 255-க்கு ஏறுகிறது. சுவரில் இருந்த துடிப்பை விளக்குக்கு மாற்றிவிட்டதுதான் மிச்சம். `k` வரி, வெளிச்சம் உச்சத்தை நெருங்க நெருங்கத் திருத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், 255-இல் முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. நடுத்தர வெளிச்சத்தில் திருத்தம் ஏறக்குறைய முழுதாக நடக்கிறது.

ஓட்டி முடித்ததும் மறுபடியும் சேர்த்துப் பாருங்கள்:

```
ffmpeg -framerate 18 -i out/%05d.tif -c:v prores_ks -profile:v 3 kuzhi_out.mov
```

பார்க்கும்போது நீங்கள் அளந்த சுவரைப் பார்க்காதீர்கள். அது கட்டாயம் அமைதியாக இருக்கும், ஏனென்றால் அதை வைத்துத்தான் திருத்தினோம். அளக்காத ஓர் இடத்தில், குறிப்பாகச் சட்டத்தின் எதிர் மூலையில், இன்னொரு சதுரத்தை வைத்து முன்பு சொன்ன `signalstats` கட்டளையால் அளந்து, திருத்தத்திற்கு முந்தைய கோட்டையும் பிந்தைய கோட்டையும் ஒப்பிடுங்கள். அங்கும் ஆட்டம் அடங்கியிருந்தால் வேலை முடிந்தது. முன்பைவிட ஆட்டம் கூடியிருந்தால், அந்த இடத்திற்கு வேறு வெளிச்சம் என்று பொருள்.

தீமிதிப் படத்தில் இது அநேகமாக வந்தே தீரும். பந்தலுக்கு டியூப் லைட். குழியை ஒட்டி நிற்பவர்களின் காலுக்கும் வேட்டிக்கும் வெளிச்சம் தருவதோ கனல். கனலுக்கு மின்சாரத்தின் நூறு துடிப்பு கிடையாது. கூரையை அளந்து கிடைத்த திருத்தத்தைக் கனலுக்கும் கொடுத்தால், அமைதியாக இருந்த கனல் கூரைக்கு நேரெதிராகத் துடிக்கத் தொடங்கும். என்னிடம் வந்த சுருளில் முதல் ஓட்டத்திற்குப் பிறகு நான் கண்டது இதைத்தான்: கூரையும் கூட்டமும் சிலைபோல் நிற்க, குழி மட்டும் யாரோ சுவிட்சைத் தட்டுவதுபோல் படபடத்தது.

அதற்கு, குழியைச் சுற்றி ஓரம் மங்கலான ஒரு மறைப்பை வரைந்து, மறைப்புக்குள் திருத்தாத படத்தையும் வெளியே திருத்திய படத்தையும் வைத்துக் கலக்க வேண்டும். எந்தப் படத்தொகுப்பு மென்பொருளிலும் இரண்டு அடுக்காக வைத்து இதைச் செய்யலாம். ஓரத்தை நன்றாக அகலமாக மங்கச் செய்யுங்கள், ஏனெனில் இரு வெளிச்சங்களும் சேர்ந்து விழும் இடத்தில் கூர்மையான கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். குழியைக் கடப்பவரின் மேல் பாதி டியூப் லைட்டிலும் கீழ்ப் பாதி கனலிலும் இருந்தால் எந்த மறைப்பும் முழுதாகப் பொருந்தாது. அந்த இடங்களில் நான் திருத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கொஞ்சம் துடிப்பு மிஞ்சட்டும் என்று விட்டுவிடுகிறேன். நிரலில் `s / m` என்பதை `(s / m) ** 0.5` என்று மாற்றினால் திருத்தம் ஏறக்குறைய பாதியாகும். கனலுக்கே உரிய தணியாத அசைவை எடுத்துவிட்டால், அது சிவப்புத் துணி விரித்தாற்போல் செத்துப்போய்விடும்.

சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் ஒழுங்கில்லாமல் வெளுத்து இருண்டு, அந்த வடிவம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டிருந்தால், அது பூஞ்சையோ ஈரத்தால் வந்த சிதைவோ ஆகலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது புதிதல்ல. ஃபிரேம் முழுவதையும் ஒரே எண்ணால் பெருக்கும் எந்த முறையும் அதைத் தீர்க்காது. அப்படி இருந்தால் சில ஃபிரேம்களை அனுப்புங்கள், தனியாகப் பார்க்கிறேன்.

தூசு, கீறல் நீக்கும் மென்பொருளை இதுவரை ஓட்டியிருந்தால், அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டு மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். அவை முன்பின் ஃபிரேம்களோடு ஒப்பிட்டு, அங்கே இல்லாத ஒன்று இங்கே இருந்தால் தூசு என்று முடிவு செய்கின்றன. வெளிச்சம் துடிக்கும்போது எல்லாமே மாறுவதால், தூசியை விட்டுவிட்டுக் கண்ணிமையையும் மூக்குத்தியையும் அழித்துவிடும். முதலில் துடிப்பு, பிறகு தூசு, அதன் பிறகு ஆட்டம் நிறுத்துவதும் நிறம் திருத்துவதும் என்ற வரிசையில் போங்கள். வெளிச்சத்தைப் பூட்டிச் சுருளை மறுபடியும் ஸ்கேன் செய்ததும், இரவுப் பகுதியிலிருந்து இருநூறு ஃபிரேமுக்கான `y.txt` கோப்பையும் துளையின் `y.txt` கோப்பையும் எனக்கு அனுப்பினால், உங்கள் சுற்று எத்தனை ஃபிரேம் என்பதை எண்ணிச் சொல்கிறேன்.